தூரம் 5,00 என்று வருகிறது, ஆரமும் 5. அப்படியும் அது தொடுகோடு இல்லையா?

சாட்ஸ்வர்த்_ராதா

வணக்கம். அக்கா மகள் கிரேடு 12, மெட்ரிக் பேப்பர் 2-க்குப் படிக்கிறாள். பயிற்சித் தாளில் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டோம்.

வட்டம்: x² + y² − 6x + 4y − 12 = 0
கோடு: 5x − 4y + 9 = 0

கோடு வட்டத்தை வெட்டுகிறதா, தொடுகிறதா, விலகிப் போகிறதா என்பதுதான் கேள்வி. அவள் வட்டத்தை (x − 3)² + (y + 2)² = 25 என்று மாற்றி, மையம் (3 ; −2), ஆரம் 5 என்று எடுத்தாள். மையத்திலிருந்து கோட்டுக்குத் தூரம் 32/√41. கால்குலேட்டரை இரண்டு தசம இடத்துக்கு வைத்திருந்ததால் 5,00 என்று காட்டியது. அதோடு (−1, 1) என்ற புள்ளி கோட்டிலும் இருக்கிறது, வட்டத்திலும் இருக்கிறது. அதனால் "(−1, 1)-இல் தொடுகிறது" என்று முடித்துவிட்டாள். விடைத்தாளில் "இரண்டு இடத்தில் வெட்டுகிறது" என்று போட்டிருக்கிறது. விடைத்தாள் தப்பா, நாங்கள் தப்பா?

மெர்பேங்க்_மோகன்

நீங்கள்தான் தப்பு. தூரத்தை வைத்துப் பார்க்கிற வழியே இதற்கு நம்பகமில்லை. y = (5x + 9)/4 என்று வட்டத்தில் போடுங்கள், 41x² + 74x + 33 = 0 வரும். டிஸ்கிரிமினண்ட் 74² − 4·41·33 = 5476 − 5412 = 64. பூஜ்யத்தைவிடப் பெரியது, ஆக இரண்டு புள்ளிகள். இந்த மாதிரிக் கணக்கில் டிஸ்கிரிமினண்ட் மட்டுமே சரியான வழி. தூரம் கிட்டத்தட்டத்தான் சொல்லும்.

டோங்காட்_வாத்தியார்

மோகன் தம்பியின் விடை சரி. ஆனால் பழியைத் தூரத்தின் மேல் போட்டது சரியில்லை. தூரம் இங்கே ஒரு பொய்யும் சொல்லவில்லை. 32/√41-ஐ 5,00 என்று வெட்டியதுதான் பொய் சொன்னது.

கால்குலேட்டரில் இன்னும் சில இடம் திறந்து பாருங்கள், 4,99756 என்று வரும். 5-க்குக் கீழே இருக்கிறது, அதனால் வெட்டுகிறது. ஆனால் அடுத்த கணக்கில் 4,9999996 வந்தால் என்ன செய்வாள்? எத்தனை இடம் திறந்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. ஆகவே தசமத்துக்கே போகாதீர்கள்.

32/√41-ஐயும் 5-ஐயும் ஒப்பிட வேண்டும். இரண்டுமே மிகை எண்கள், ஆகவே இரண்டையும் வர்க்கமாக்கினால் பெரியது பெரியதாகவே இருக்கும். பிறகு 41-ஐ மறுபக்கம் கொண்டுபோங்கள்:

32² = 1024
25 × 41 = 1025

1024 சிறியது, ஆகவே வெட்டுகிறது. வர்க்கமூலம் இல்லை, வகுத்தல் இல்லை, வெறும் முழு எண். இரண்டும் சமமாக வந்தால்தான் தொடுகோடு. ஒன்றே ஒன்று குறைந்தாலும் வெட்டுக்கோடுதான்.

கோடு Ax + By + C = 0, மையம் (a ; b) என்றால் ஒப்பிட வேண்டியது இதுதான்:

```
(Aa + Bb + C)²   எதிர்   r²(A² + B²)
```

இடப்பக்கம் சிறியதானால் வெட்டும், சமமானால் தொடும், பெரியதானால் விலகும்.

தம்பி சொன்ன 64-ம் இதே எண்தான். பதிலீடு செய்து பின்னத்தை நீக்கினால் டிஸ்கிரிமினண்ட் எப்போதும் 4B² × [r²(A² + B²) − (Aa + Bb + C)²] என்று வரும். இங்கே B = −4, ஆகவே 4 × 16 × (1025 − 1024) = 64. இரண்டு வழியும் ஒரே வித்தியாசத்தைத்தான் பார்க்கின்றன. ஒன்று நேராக 1 என்று காட்டுகிறது, இன்னொன்று அதை 64 மடங்காக்கிக் காட்டுகிறது.

சாட்ஸ்வர்த்_ராதா

நன்றி ஐயா, வர்க்கமாக்கி ஒப்பிடுவது புரிந்தது. ஆனால் ஒரு இடம் இன்னும் உறுத்துகிறது. ஒரு சென்டிமீட்டரை ஒரு அலகாக வைத்து கிராஃப் தாளில் வரைந்து பார்த்தோம். (−1, 1)-இல் அச்சு அசலாகத் தொடுகிறது போலத்தான் தெரிகிறது. தூரத்தில் 0,0024 வித்தியாசத்துக்கு இரண்டாவது புள்ளி எங்கே இருந்து வந்தது?

டோங்காட்_வாத்தியார்

அந்த 0,0024-ஐ வைத்து இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மையத்திலிருந்து கோட்டுக்கு இறக்கும் செங்குத்தின் அடி, நாணின் நடுவில் விழும். மையம், அடி, வெட்டும் புள்ளி மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். ஆரம் அதன் கர்ணம். ஆக அரை நாணின் வர்க்கம்

r² − d² = 25 − 1024/41 = 1/41

அரை நாண் 1/√41, அதாவது 0,156. முழு நாண் 0,312. உங்கள் தாளில் மையத் தூரக் குறை 0,024 மில்லிமீட்டர், பென்சில் முனையைவிட மெல்லியது. ஆனால் நாணின் நீளம் 3 மில்லிமீட்டருக்கு மேல்! வட்டத்தின் விளிம்பு அந்த இடத்தில் கோட்டோடு கிட்டத்தட்ட இணையாகப் போவதால், தூரத்தில் துளி குறைந்தாலும் நாண் வேகமாக நீள்கிறது. உண்மையான தொடுகோட்டை வரைந்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒட்டிப் போவது போலத்தான் தெரியும். ஆகவே கண்ணால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

இரண்டாவது புள்ளியையும் எடுத்துவிடலாம். செங்குத்தின் அடி (−37/41, 46/41). கோடு போகும் திசை (4, 5). அடியிலிருந்து இருபுறமும் (4/41, 5/41) நகர்ந்தால்:

ஒரு பக்கம் (−41/41 ; 41/41) = (−1 ; 1)
மறுபக்கம் (−33/41 ; 51/41), ஏறக்குறைய (−0,805 ; 1,244)

(−1, 1) பளிச்சென்று முழு எண்ணாக இருப்பதால் கண்ணில் பட்டது. மற்றது 41-இன் கீழ் ஒளிந்துகொண்டது. ஒரு புள்ளி கோட்டிலும் வட்டத்திலும் இருக்கிறது என்றால் கோடு வட்டத்தைச் சந்திக்கிறது என்றுதான் பொருள். ஒரே இடத்தில்தான் சந்திக்கிறது என்று அது சொல்லாது.

புள்ளி கையில் இருக்கும்போது இன்னொரு சோதனையும் உண்டு, அதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். மையத்திலிருந்து (−1, 1)-க்குப் போகும் ஆரத்தின் சாய்வு 3/(−4), அதாவது −3/4. அங்கே தொடுகோட்டின் சாய்வு 4/3 ஆக இருக்க வேண்டும். நம் கோட்டின் சாய்வு 5/4. 1,33-ம் 1,25-ம் ஒன்றில்லை. அந்தப் புள்ளியில் உண்மையான தொடுகோடு 4x − 3y + 7 = 0. அதற்குச் சோதனை: 12 + 6 + 7 = 25, 25² = 625, 25 × (16 + 9) = 625. சமம்.

பீனிக்ஸ்_சரண்

நானும் இந்த வருஷம்தான் மெட்ரிக். ஐயா சொன்னதைப் பைத்தானில் போட்டுப் பார்த்தேன்:

```python
def meets(A, B, C, a, b, r2):
    diff = (A*a + B*b + C)**2 - r2*(A*A + B*B)
    if diff < 0: return 2
    if diff == 0: return 1
    return 0
```

`meets(5, -4, 9, 3, -2, 25)` கொடுத்தால் 2 வருகிறது. கடைசி எண் ஆரம் இல்லை, ஆரத்தின் வர்க்கம். அப்படி வைத்தால் x² + y² = 12 போன்ற வட்டத்துக்கும் √12 எடுக்காமல் முழு எண்ணிலேயே நிற்கலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். கோட்டை y = 1.25x + 2.25 என்று தசமத்தில் கொடுத்தாலும் இங்கே சரியாக வருகிறது. ஆனால் சாய்வு 1/3 மாதிரி இருந்தால் `diff == 0` ஏமாற்றலாம் என்று நினைக்கிறேன்.

டோங்காட்_வாத்தியார்

சரியாகப் பிடித்தாய் தம்பி. 1,25-ம் 2,25-ம் கணினிக்குள் மிச்சமில்லாமல் அடங்குகிற எண்கள். 1/3 அடங்காது. அதனால் கோட்டைக் கொடுக்கும் முன்பே பின்னத்தை நீக்கிவிடு: y = x/3 + 2 என்றால் x − 3y + 6 = 0. கையால் போடும்போதும் இதுவே நல்லது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து பூஜ்யத்துக்குச் சமப்படுத்தாமல் A, B, C எடுப்பவர்கள்தான் குறியில் தவறுகிறார்கள். y = 2x + 3-இல் B = 1 என்று எழுதி, C-யையும் A-யையும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

மெர்பேங்க்_மோகன்

ஐயா, 64-ம் 1-ம் ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் கவனித்ததில்லை. ஆனால் பரீட்சை விஷயத்தில் என் எச்சரிக்கை எச்சரிக்கைதான். பேப்பர் 2-வோடு தரும் சூத்திரத் தாளில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் இருக்கிறது, வட்டத்தின் சமன்பாடு இருக்கிறது. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்துக்குச் சூத்திரம் இல்லை. பிள்ளை எங்கிருந்தோ கொண்டுவந்து எழுதினால் மார்க் போடுகிறவர் என்ன சொல்வாரோ.

டோங்காட்_வாத்தியார்

சூத்திரத் தாளில் இல்லை என்பது உண்மை. சரியான கணக்குக்கு மார்க் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் பிள்ளையின் மார்க்கை வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன். தாளில் உள்ளதை மட்டும் வைத்தே தூரத்தைக் கண்டுபிடிக்கும் வழி இது:

கோட்டின் சாய்வு 5/4. மையம் வழியாக அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −4/5. ஆக y + 2 = −4/5 (x − 3), அதாவது 4x + 5y − 2 = 0. இதையும் 5x − 4y + 9 = 0-ஐயும் சேர்த்துத் தீர்த்தால் x = −37/41, y = 46/41. இப்போது மையத்திலிருந்து இந்த அடிக்கு, தாளில் உள்ள தூரச் சூத்திரம்:

d² = (160/41)² + (128/41)² = 41984/1681 = 1024/41

25-ஐ 1025/41 என்று எழுதுங்கள். 1024/41 < 1025/41. முடிந்தது. d-ஐ எடுக்கவே வேண்டாம், d²-இலேயே நில்லுங்கள்.

இந்த வழி நீளம். ஆனால் நாணின் நடுப்புள்ளியைக் கேட்டால் அது ஏற்கெனவே கையில் இருக்கும். "வெட்டும் புள்ளிகளைக் காண்க" என்று கேட்டால் மோகன் தம்பியின் பதிலீடே நல்லது, எப்படியும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத்தான் போகிறோம். "k-இன் எந்த மதிப்புக்குத் தொடும்" என்று கேட்டால் தூர வழிக்கு ஈடில்லை. 5x − 4y + k = 0 என்றால் (23 + k)² = 1025, k = −23 ± 5√41. அதில் ஒன்று 9,0156. இந்தக் கணக்கில் 9 கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

மெர்பேங்க்_மோகன்

k கணக்கில் நான் டிஸ்கிரிமினண்டையே வைத்து ஒரு பக்கம் எழுதுவேன். இது நாலு வரி. சரி. மார்க் விஷயத்தில் மட்டும், அவரவர் ஆசிரியரைக் கேட்டுக்கொள்வதே நல்லது என்பேன்.

நிலஅளவை_குமார்

இழையின் தலைப்பைப் பார்த்து வந்தேன். என் பிரச்சினையும் இதுவே. டர்பன் பக்கம் ஒரு மனை. ஒரு ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி 15 மீட்டர் வட்டத்துக்குள் கழிவுநீர்க் குழாய் வரக்கூடாது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். குழாயின் இரு முனைகளும் கிணறும் Lo31 என்ற நில அளவை ஆயங்களில் இருக்கின்றன. எக்செல்லில் Y = mX + c என்று கோட்டை எடுத்து, m-ஐயும் c-யையும் தாளில் எழுதி, தூரச் சூத்திரத்தில் போட்டேன். நூறு மீட்டருக்கு மேல் வருகிறது. வரைபடத்தில் குழாயின் கோட்டை நீட்டி அளந்தால் பத்து மீட்டர்தான் தெரிகிறது. நம் Lo ஆயங்களில் Y மேற்கே கூடும், X தெற்கே கூடும். அந்தத் திசை மாற்றம்தான் சூத்திரத்தைக் கெடுக்கிறதா?

டோங்காட்_வாத்தியார்

திசை மாற்றம் கெடுக்காது குமார் அண்ணே. கிணறும் குழாயும் ஒரே ஆயமுறையில் இருந்தால் அச்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தூரம் மாறாது.

கெடுத்தது m-இன் தசமம். டர்பன் பக்கம் X ஏறக்குறைய 33 லட்சம் மீட்டர், பூமத்திய ரேகையிலிருந்து எண்ணுவதால். m-ஐ நான்கு தசம இடத்துக்கு எழுதியிருந்தால் 0,00005 வரை பிழை இருக்கலாம். அதை 33 லட்சத்தால் பெருக்கினால் 165 மீட்டர். c-யை எக்செல் முழு m-ஐ வைத்துக் கணக்கிட்டது, நீங்கள் வெட்டிய m-ஐ அதோடு சேர்த்தீர்கள். கோடு முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது.

m, c இரண்டையும் மறந்துவிடுங்கள். முதலில் எல்லாப் புள்ளியிலிருந்தும் கிணற்றின் ஆயத்தைக் கழியுங்கள். கிணறு (0, 0) ஆகிவிடும், எண்கள் பத்து இருபது மீட்டராகச் சுருங்கும். முனைகள் P, Q என்றால்

d = |Px·(Qy − Py) − Py·(Qx − Px)| / PQ

கழித்த பிறகு வரும் எண்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

நிலஅளவை_குமார்

கழித்த பிறகு: P (20, 5), Q (44, −2). PQ = 25. d = |20 × (−7) − 5 × 24| / 25 = 260/25 = 10,4 மீட்டர். வரைபடத்தோடு ஒத்துப்போகிறது, நன்றி. ஆனால் 10,4 என்பது 15-ஐவிடக் குறைவு. அப்படியானால் குழாய் வட்டத்துக்குள் போகிறது, தடத்தை மாற்ற வேண்டும்.

பீனிக்ஸ்_சரண்

அங்கிள், கொஞ்சம் பொறுங்கள். 10,4 என்பது முடிவில்லாத கோட்டுக்குத் தூரம். உங்கள் குழாய் P-இல் தொடங்கி Q-இல் முடிகிறதே! செங்குத்தின் அடி குழாயின் மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கிணறு (0, 0)-இல் இருப்பதாக வைத்து:

```python
def nearest(px, py, qx, qy):
    dx, dy = qx - px, qy - py
    t = -(px*dx + py*dy) / (dx*dx + dy*dy)
    t = max(0, min(1, t))
    return ((px + t*dx)**2 + (py + t*dy)**2) ** 0.5
```

t = 0 என்றால் P, t = 1 என்றால் Q. உங்கள் எண்களுக்கு t = −445/625 = −0,712. குறை எண் வந்தால் அடி P-க்குப் பின்னால், குழாய் இல்லாத இடத்தில் விழுகிறது. அப்போது கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது P-தான். அதன் தூரம் √(400 + 25) = 20,6 மீட்டர். வட்டத்துக்கு வெளியே 5,6 மீட்டர் தள்ளி இருக்கிறது.

டோங்காட்_வாத்தியார்

சரண் சொன்னதுதான் விடை. ஆயங்களை மட்டும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு வையுங்கள் அண்ணே. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: துண்டின் இரு முனைகளும் வட்டத்துக்குள்ளேயே இருந்தால் தூரம் ஆரத்தைவிடக் குறைவாகத்தான் வரும், ஆனால் துண்டு வட்டத்தின் விளிம்பை எங்கும் வெட்டாது. "விளிம்பை வெட்டுகிறதா" என்பது ஒரு கேள்வி, "உள்ளே வருகிறதா" என்பது வேறு கேள்வி. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

நிலஅளவை_குமார்

ஆமாம், உள்ளே வரக்கூடாது என்பதுதான். இன்னொரு மனையில் சரண் தம்பியின் வழியில் 15,02 வருகிறது. அடி குழாயின் நடுவில்தான் விழுகிறது. அதை "விலகுகிறது" என்று எழுதலாமா?

டோங்காட்_வாத்தியார்

கணக்கின்படி விலகுகிறது. ஆனால் கிணற்றின் இடத்தை எத்தனை சென்டிமீட்டர் பிழையோடு அளந்தீர்கள், குழாயின் விட்டம் எவ்வளவு, 15 மீட்டரைக் குழாயின் நடுக்கோட்டிலிருந்து எடுக்க வேண்டுமா ஓரத்திலிருந்தா என்பதெல்லாம் தெரியாமல் 2 சென்டிமீட்டரை நம்பி நான் எழுத மாட்டேன். அளந்த எண்களில் "தொடுகிறது" என்ற விடையே இல்லை.

மெர்பேங்க்_மோகன்

ஓரத்திலிருந்து எடுப்பதுதான் நியாயம். கசிவது ஓரத்தில்தானே.

நிலஅளவை_குமார்

வரைபடத்தில் அது எழுதியில்லை. குறித்தவர்களைக் கேட்கிறேன்.

சாட்ஸ்வர்த்_ராதா

அவளுக்கு இதே வட்டத்தோடு இரண்டு கோடு கொடுத்துப் போடச் சொன்னேன்.

2x + 3y + 18 = 0: இடப்பக்கம் 6 − 6 + 18 = 18, வர்க்கம் 324. வலப்பக்கம் 25 × 13 = 325. வெட்டுகிறது.

2x − 5y + 11 = 0: இடப்பக்கம் 6 + 10 + 11 = 27, வர்க்கம் 729. வலப்பக்கம் 5 × 29 = 145. விலகுகிறது.

டோங்காட்_வாத்தியார்

முதலாவது சரி. அதிலும் ஒரு முழு எண் புள்ளி ஒளிந்திருக்கிறது, (0 ; −6). அங்கே ஆரத்தின் சாய்வையும் கோட்டின் சாய்வையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், −1 வராது.

இரண்டாவதில் விடை சரி, வழி தப்பு. r² போட வேண்டிய இடத்தில் r போட்டிருக்கிறாள். 25 × 29 = 725. 729 அதைவிடப் பெரியது, நான்கு வித்தியாசத்தில் விலகுகிறது. 145 என்று எழுதினாலும் அதே விடை வந்தது தற்செயல். 324-ஐ 5 × 13 = 65-ஓடு ஒப்பிட்டிருந்தால் முதல் கணக்கும் "விலகுகிறது" என்று ஆகியிருக்கும்.

சாட்ஸ்வர்த்_ராதா

(0, −6)-இல் ஆரத்தின் சாய்வு 4/3, கோட்டின் சாய்வு −2/3. பெருக்கினால் −8/9. இரண்டாவதில் 5-ஐயும் 25 என்று திருத்திவிட்டாள்.